சனிக்கிழமை இணைப்புப் புகார்கள்: பொறுப்பாளர் பார்க்க வேண்டிய வரிசை

நமது மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் மும்பையில் வாடகைக்கு எடுத்த கணினியில் ஓடுகிறது. உறுப்பினர்களில் பெரும்பாலானோர் கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள். சனிக்கிழமை மாலை 7 முதல் 10 வரை புகார்களைக் கவனிப்பவர் இந்த வரிசையிலேயே போகவும். எந்தப் படியில் காரணம் பிடிபடுகிறதோ, அங்கேயே நின்றுவிடலாம்.

1. புகார் வந்த நேரம், உறுப்பினரின் விளையாட்டுப் பெயர், அவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றை அப்படியே நோட்டில் எழுதவும். "லேக் அடிக்கிறது" என்று மட்டும் சொன்னால், திரையில் என்ன நடந்தது என்று கேட்கவும். வந்த வரிசையிலேயே பதில் தரவும். சத்தமாகக் கேட்பவர் முந்திக்கொள்ளக் கூடாது.

2. ஐந்து நிமிடத்துக்குள் மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் வரிசையை நிறுத்திவிட்டு முதலில் சர்வரைப் பார்க்கவும்.

```
/tps
```

20 அல்லது அதையொட்டிய எண் வந்தால் சர்வர் நலம். 15க்குக் கீழே இறங்கியிருந்தால், அல்லது பதிவேட்டில் `Can't keep up!` என்று வரிவரியாக ஓடினால், குறை நம்முடையது. உடைத்த கல் மறுபடி முளைப்பதும், ஆடுமாடுகள் நின்ற இடத்திலேயே உறைவதும் இதன் அடையாளம். "சர்வரில் சுமை, பார்த்துக்கொண்டிருக்கிறோம், உங்கள் ரவுட்டரைத் தொட வேண்டாம்" என்று எல்லோருக்கும் ஒரே செய்தி போட்டுவிட்டு, சர்வர் நிர்வாகியை அழைக்கவும்.

3. உள்ளேயே நுழைய முடியவில்லை என்றால் திரையில் வந்த வாசகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லவும். `Outdated client!` என்றால் விளையாட்டின் பதிப்பு பழையது. `Invalid session` என்றால் விளையாட்டையும் லாஞ்சரையும் மூடித் திறக்க வேண்டும். `Connection timed out` என்றால் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கவும். பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்துவிடும்.

4. மவுஸைத் திருப்பி வெறுமனே சுற்றிப் பார்க்கும்போதே படம் திக்குகிறதா என்று கேட்கவும். ஆம் என்றால் அது இணைப்புக் கோளாறு அல்ல, கணினியின் திணறல். `F3` அழுத்தினால் இடது மேல்மூலையில் `fps` தெரியும். அது 30க்குக் கீழே என்றால் காட்சித் தூரத்தைக் குறைக்கச் சொல்லவும்.

5. இப்போதுதான் பிங். வேகச் சோதனைப் படத்தை யாராவது அனுப்பினால் நன்றி சொல்லி ஒதுக்கிவிடவும். 100 எம்பிபிஎஸ் இருப்பதற்கும் விளையாட்டு சீராக ஓடுவதற்கும் அநேகமாகச் சம்பந்தம் கிடையாது. விண்டோஸ் கணினியில், விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டையும் பார்க்கச் சொல்லவும்:

```
ping -n 50 192.168.1.1
ping -n 50 203.0.113.25
```

முதலாவது வீட்டு ரவுட்டர், இரண்டாவது நமது சர்வர். ரவுட்டரின் முகவரி வேறாக இருந்தால் `ipconfig` கொடுத்து `Default Gateway` வரியைப் பார்க்கவும். ரவுட்டருக்கே ஐந்து மில்லிநொடிக்கு மேல் அடிக்கடி எகிறினாலோ, ஒன்றிரண்டு `Request timed out` வந்தாலோ, கோளாறு வீட்டுக்குள்தான்: ஆறாவது படிக்குப் போகவும். ரவுட்டர் சீராக இருந்து சர்வருக்கு மட்டும் தடுமாறினால் ஏழாவது படி. இரண்டும் சீராக இருந்து சர்வருக்கு 60க்குள் வந்தால், பொறுமையாக நான்காவது படியை மறுபடி கேட்கவும்.

6. வீட்டுக்குள்: கேபிள் செருகிப் பார்க்கச் சொல்லவும். கேபிள் இல்லையென்றால் ரவுட்டர் இருக்கும் அறையில் உட்கார்ந்து ஒரு முறை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தால் 5க்கு மாற்றவும். பக்கத்து வீடுகளின் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் குறுக்கிடுவது 2.4இல்தான்.

7. வீட்டுக்கு வெளியே: முதலில், வீட்டில் வேறு யாராவது பெரிய கோப்போ புகைப்படத் தொகுப்போ மேலேற்றுகிறார்களா என்று கேட்கவும். மேலேற்றும் பாதை நிரம்பினால் பிங் 300, 400 என்று ஏறும், நிறுத்தியதும் இறங்கும். அதுவும் இல்லையென்றால்:

```
tracert 203.0.113.25
```

நடுவில் ஒரு வரியில் மட்டும் நட்சத்திரக் குறியோ பெரிய எண்ணோ இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். பல ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதில்லை. அந்த எண் கடைசி வரி வரை தொடர்ந்தால்தான் குறை. பெயர்களில் `sin` தென்பட்டால் பாதை சிங்கப்பூர் சுற்றி வருகிறது என்று ஊகிக்கலாம். இதை நாமும் சரிசெய்ய முடியாது, உறுப்பினரும் முடியாது. இந்த வெளியீட்டோடு இணையச் சேவை நிறுவனத்திடம் புகார் எண் வாங்கச் சொல்லவும்.

8. "என் உலகத்தில் நண்பர்கள் சேர முடியவில்லை" என்பது தனிக் கதை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் அவர் பகிர்வு முகவரியில் இருக்கிறார். 25565ஆம் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. நமது சர்வரில் ஓர் உலகம் கேட்டு எழுதச் சொல்லவும்.

கடவுச்சொல் எந்தப் படியிலும் கேட்கக் கூடாது. `tracert` படங்களைக் குழுவில் போட வேண்டாம், தனிச்செய்தியில் வாங்கவும். பள்ளிப் பிள்ளைகள் என்றால் ரவுட்டரைத் தொடும் முன் வீட்டுப் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

9. பத்து மணிக்கு முடியாத புகார்களின் பக்கத்தில் எந்தப் படியில் நிற்கிறது என்று எண் போட்டு, நோட்டை அடுத்த வாரப் பொறுப்பாளரிடம் கொடுக்கவும். உறுப்பினருக்கும் அதைச் சொல்லிவிடவும்: "ஐந்தாவது படி வரை பார்த்தாயிற்று, அடுத்த சனிக்கிழமை ஆறிலிருந்து தொடங்குவோம்."