நாளை நேர்முகத் தேர்வு: வீட்டுப் பெரியவர்களுக்கு நாலு வரி

ஆச்சி, தாத்தா, பெரியப்பா, பெரியம்மா, மாமா, அத்தை எல்லாருக்கும் என் வணக்கம்.

தம்பி, இதைத் திண்ணையில் வைத்து சத்தமாக வாசி. ஆச்சிக்கு வலது காதுதான் கேட்கும், அந்தப் பக்கமாக உட்கார்ந்துகொள். எதிர்வீட்டு நன்னியையும் கூப்பிட்டுக்கொள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் டெல்லிக்கு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். தமிழ்நாடு இல்லத்தில் தங்கியிருக்கிறேன். நம்ம மலைப் பெயரைத்தான் இந்தக் கட்டடத்துக்கு வைத்திருக்கிறார்கள், பொதிகை இல்லம். வாசலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. குளிர் நன்றாகவே இருக்கிறது. மாமா கொடுத்துவிட்ட கம்பளியைத்தான் போர்த்தியிருக்கிறேன். சாப்பாட்டுக்கும் குறையில்லை.

நாளை காலை தோல்பூர் ஹவுஸ் என்ற இடத்தில் ஐ.ஏ.எஸ். நேர்முகத் தேர்வு. எழுத்துத் தேர்வுக்கு 1750 மதிப்பெண், நாளைக்கு 275. இரண்டையும் கூட்டித்தான் பட்டியல் போடுவார்கள். உள்ளே போனதும் போனை வாங்கி வைத்துக்கொண்டு, சான்றிதழ்களைச் சரிபார்த்து, வட்ட மேசையில் உட்கார வைப்பார்களாம். எந்தக் குழுவின் முன்னால் போகப்போகிறோம் என்பது கடைசியில்தான் தெரியும். சுமார் அரை மணி நேரம் கேள்வி கேட்பார்கள். நான் தமிழிலேயே பதில் சொல்லப் போகிறேன். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர் இருப்பார். அதனால் பயப்பட வேண்டாம் ஆச்சி, உங்களிடம் பேசுவது போலத்தான் பேசுவேன்.

ஊரிலிருந்து கிளம்பிய அன்றைக்கு நீங்கள் எல்லாரும் திருநீறு பூசி விட்டபோது எனக்கு வாயைத் திறக்கவே முடியவில்லை. "போயிட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன். சொல்ல நினைத்ததை இப்போது சொல்கிறேன்.

ஆச்சி, உங்கள் கை என் தலையில் இருந்த அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத அந்தப் பீடித் தூள் வாசனை உங்கள் விரலில் இருந்தது. சின்ன வயதில் அந்த வாசனையில்தான் தூங்குவேன். நீங்களும் அம்மாவும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, நனைத்த இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றிப் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணிக் கட்டு கட்டுவேன். எனக்குக் கணக்கு வந்தது அங்கேதான். ஆயிரம் முடியாமல் நீங்கள் எழுந்ததில்லை. அம்மாவின் பீடித் தொழிலாளர் அட்டையைக் காட்டித்தான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் உதவித்தொகை கிடைத்தது. அந்தப் பணத்தில் வாங்கிய அகராதி இப்போதும் என் பையில் இருக்கிறது.

சென்னையில் பசுமைவழிச் சாலை அரசு பயிற்சி மையத்தில் மாதிரி நேர்முகத் தேர்வு வைத்தார்கள். அதில் ஒரு ஐயா, "உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்களே, புகையிலையை ஒழிக்க வேண்டும் என்று அரசு முடிவெடுத்தால் நீங்கள் கலெக்டராக என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். நான் சட்டம், 1976-ல் வந்த நல நிதி என்று படித்ததை ஒப்பித்தேன். "இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள்" என்றார். அப்புறம் உங்கள் இருமலைப் பற்றிச் சொன்னேன் ஆச்சி. உங்கள் முதுகைப் பற்றிச் சொன்னேன். இலை சரியில்லை என்று கடையில் கழித்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரும் பேச மாட்டோம் என்பதையும் சொன்னேன். தொழிலை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால், அதே திண்ணையில் உட்கார்ந்து செய்கிற மாதிரி, வாராவாரம் கையில் காசு வருகிற மாதிரி வேறு வேலை இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். நாளைக்கு அந்தக் கேள்வி வந்தால் அதையேதான் சொல்வேன்.

பெரியப்பா, முதல் தடவை முதல்நிலைத் தேர்விலேயே தவறியபோது நான் கோயில் கொடைக்குக்கூட வராமல் அறைக்குள்ளேயே இருந்தேன். அன்றைக்கு நீங்கள் கோபப்பட்டீர்கள் என்று நினைத்து நானும் முகம் கொடுக்காமல் பேசிவிட்டேன். நீங்கள் பாவூர்சத்திரம் சந்தைக்குத் தக்காளி போட்டு வந்த பணத்தை அப்படியே அம்மாவிடம் கொடுத்து, "அவ படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனது மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். கிலோ இரண்டு ரூபாய்க்குக்கூடப் போகாத நேரம் அது. அன்றைக்குப் பேசியதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். நேரில் கேட்கத் தைரியம் வரவில்லை பெரியப்பா, எழுத்தில் கேட்கிறேன்.

பெரியத்தை, நீங்கள் எடுத்துக் கொடுத்த இளநீலக் கைத்தறிச் சேலைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து நாற்காலியில் மடித்து வைத்திருக்கிறேன். நாளைக்கு அதைத்தான் கட்டப் போகிறேன். மடிப்பு நிற்க ஊக்கு எங்கே குத்த வேண்டும் என்று நீங்கள் காட்டியதும் ஞாபகம் இருக்கிறது.

நன்னி, நீங்கள் எனக்காக ஐந்து வேளையும் துஆ கேட்கிறீர்கள் என்று தம்பி சொன்னான். நீங்கள் கொடுத்த பேரீச்சம்பழத்தில் மூன்று மீதி வைத்திருக்கிறேன், காலையில் சாப்பிட்டுவிட்டுப் போவேன்.

தமிழ் ஐயா அவர்களுக்கு: எட்டாம் வகுப்பில் என் கட்டுரையைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசிக்க வைத்தீர்கள். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கும்போது எல்லாரும் வேண்டாம் என்றார்கள், நீங்கள் ஒருவர்தான் எடு என்றீர்கள். அந்தத் தாள்தான் ஐயா என்னை இந்த இடம் வரைக்கும் கொண்டு வந்தது. உங்களுக்கு நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க மனசு வரவில்லை.

தாத்தா, குலதெய்வம் கோயிலில் நீங்கள் முடிந்து கொடுத்த காசு மஞ்சள் துணியோடு என் கைப்பையில் இருக்கிறது. வாசலில் சோதனை போடும்போது என்ன என்று கேட்டால், தாத்தா கொடுத்தது என்று சொல்வேன். விடமாட்டேன் என்றால் அவர்களிடமே பத்திரமாகக் கொடுத்துவிட்டு, வரும்போது வாங்கிக்கொள்வேன். தொலைக்க மாட்டேன்.

நான் ஏதாவது தெரியாமல் பேசியிருந்தாலோ, படிப்பைச் சாக்காக வைத்து நல்லது கெட்டதுக்கு வராமல் இருந்திருந்தாலோ எல்லாரும் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சை மூன்று வருஷம் தள்ளிப் போட்டு, ஊர்க்காரர்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சொல் ஒன்றைக்கூட என் காதுக்கு வர விடவில்லை.

முடிவு எப்படி வந்தாலும் நான் முதலில் வருவது நம்ம வீட்டுக்குத்தான்.

ஆச்சி, நாளைக்கு விரதம் எதுவும் இருக்க வேண்டாம். சுகர் மாத்திரை போடுகிற உடம்பு. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போடுங்கள், அதற்கப்புறம் சாமி கும்பிடலாம். எட்டு மணியிலிருந்து என் போன் அணைத்திருக்கும், யாரும் பதற வேண்டாம். வெளியே வந்ததும் தம்பி நம்பருக்குத்தான் முதலில் கூப்பிடுவேன். அவன் வீட்டிலேயே இருக்கட்டும்.

இங்கிருந்தே தெற்குப் பார்த்து உங்கள் எல்லார் காலிலும் விழுந்து கும்பிட்டுக்கொள்கிறேன். ஆசீர்வாதம் பண்ணுங்கள்.

உங்கள் பேத்தி,
தமிழ்நாடு இல்லம், புதுடெல்லி