வாசலை விடாத ஆடு

காலை எட்டே முக்கால். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் குடைகளும் பைகளுமாக ஒரே கூட்டம். யாரும் உள்ளே போகவில்லை. எப்படிப் போவது?

கேட்டின் நடுவில் ஓர் ஆடு நின்றது.

பெரிய ஆடு. உடம்பெல்லாம் கறுப்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. அந்த இரும்புக் கேட்டில் ஒரு பாதி துருப்பிடித்து இறுகிப்போய்விட்டது. திறக்கிற மறுபாதியில்தான் ஆடு நின்றது. கழுத்தில் அறுந்த கயிறு தொங்கியது. தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"ஏய், நகரு!" என்றான் கதிர்.

ஆடு மெல்லுவதை நிறுத்தியது. அவனை ஒரு பார்வை பார்த்தது. மறுபடி மெல்ல ஆரம்பித்தது.

கதிருக்குக் கோபம் வந்துவிட்டது. வகுப்பிலேயே பலசாலி அவன்தான். கயிற்றைப் பிடித்து இழுத்தான். ஆடு நாலு காலையும் ஊன்றிப் பின்னால் சாய்ந்தது. இன்னும் இரண்டு பேர் வந்து இழுத்தார்கள். ஆடு இன்னும் சாய்ந்தது. ஈரக் கயிறு கையிலிருந்து வழுக்க, மூன்று பேரும் தொப்பென்று சேற்றில் உட்கார்ந்தார்கள்.

உள்ளேயிருந்து வாட்ச்மேன் தாத்தா தள்ளிப் பார்த்தார். அவர் தள்ளத் தள்ள, ஆடு அவர் மேலேயே சாய்ந்துகொண்டது.

அன்வர் சுவரோரச் செடியிலிருந்து ஒரு கொத்து இலையைப் பறித்து நீட்டினான். ஆடு கழுத்தை நீட்டி, உதட்டாலேயே இலையைச் சுருட்டி இழுத்துத் தின்றது. அவ்வளவுதான். ஓர் அடிகூட நகரவில்லை.

"போ! போ!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

அப்போது டீச்சர் வந்தார். "கத்தினா அது மிரண்டு முட்டிடும். கொஞ்ச நேரம் சும்மா நின்னு ஆட்டைப் பாருங்க. யார் என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க."

"இழுத்தா எதிர்ப்பக்கம் சாயுது, டீச்சர்," என்றான் கதிர், கால்சட்டையில் ஒட்டிய சேற்றைத் தட்டியபடி.

"இலைக்குக் கழுத்தை மட்டும்தான் நீட்டுச்சு. காலை எடுத்து வைக்கல," என்றான் அன்வர்.

"ஒரு தடவை வச்சுச்சு! தண்ணி பட்டதும் வெடுக்குனு எடுத்துடுச்சு. நான் பார்த்தேன்," என்றாள் மீனா.

தண்ணீரா? எல்லாரும் ஆட்டின் காலைப் பார்த்தார்கள்.

செல்வி கூட்டத்தில் பேசவே மாட்டாள். இப்போது மெதுவாகக் கையைத் தூக்கினாள். "டீச்சர்... அதோட காலுக்குக் கீழ மட்டும் தரை காஞ்சிருக்கு."

ஆமாம்! கேட்டுக்கு மேலே பள்ளியின் பெயர் எழுதிய வளைவு இருந்தது. அதற்குக் கீழே, ஒரு பாய் அளவுக்கு, தரையில் ஈரமே இல்லை.

"மழைக்கு ஒதுங்கி நிக்குது!" என்று கத்தினான் கதிர். டீச்சர் சொன்னது ஞாபகம் வரவே, வாயைப் பொத்திக்கொண்டான்.

"பஸ் நிழற்குடையிலயும் நனையாதே," என்றான் அன்வர். சுவரை ஒட்டியே போனால், இருபது எட்டு வைத்தால் நிழற்குடை வந்துவிடும்.

"அது வரைக்கும் மழை பெய்யுதே?" என்றாள் மீனா.

எல்லார் கையிலும் குடை இருந்தது. நான்கு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: "குடை!"

கதிர் பட்டென்று குடையை விரித்தான். ஆடு திடுக்கிட்டுக் கொம்பைத் தாழ்த்தியது. "மெதுவா, மெதுவா," என்றாள் செல்வி. தன் குடையைத் தள்ளி நின்று விரித்து, பூனைபோல் நடந்து வந்து, ஆட்டின் தலைக்கு மேலே நீட்டினாள். ஆடு நிமிர்ந்து பார்த்தது. சொட்டுச் சத்தம் கேட்டது, ஆனால் சொட்டு விழவில்லை.

ஆறு பேர் ஆறு குடைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பிடித்தார்கள். அன்வர் இலையோடு முன்னால் பின்பக்கமாக நடந்தான். கயிற்றை யாரும் தொடவே இல்லை.

ஆடு ஒரு கால் வைத்தது. அப்புறம் இன்னொன்று.

பாதி வழியில் நின்றுவிட்டது. இரண்டு குடைகளுக்கு நடுவே ஒரு சொட்டு, நேராக அதன் வெள்ளைக் காதில்! கதிர் தன் குடையைச் சட்டென்று நகர்த்தி அந்த இடைவெளியை மூடினான். அவன் தலை முழுக்க நனைந்தது. ஆறு குடையும் தாண்டியாயிற்று, இனி? கடைசியில் நின்றவள் மீனா. அவள் ஓடி வந்து முன்னால் நின்றாள். அடுத்தவனும் அப்படியே. பின்னால் இருந்த குடை முன்னால், பின்னால் இருந்த குடை முன்னால். கூரை தானாக நடந்து போவது போலவே இருந்தது!

பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

நிழற்குடையில் உட்கார்ந்திருந்த பாட்டி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஆடு ஒரே தாவில் சிமெண்ட் பெஞ்சில் ஏறி, காதை உதறி, அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

டாண், டாண், டாண்! மணி அடித்தது. எல்லாரும் திறந்து கிடந்த வாசலுக்குள் ஓடினார்கள்.

மறுநாளும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கேட்டில் ஆடு இல்லை. நிழற்குடை பெஞ்சில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. முதல் தூறல் விழுந்ததும் செல்வி தன் குடையை மெதுவாக விரித்தாள்.

ஆடு எழுந்து நின்று, "மே..." என்றது.