செகண்ட் இயர் பிசிக்ஸ்: இந்த வாரம் என்னென்ன (ஆகஸ்ட் 18 முதல் 23 வரை)

மக்களே,

முதலில் போன வாரக் குறிப்பில் நான் செய்த தப்பைத் திருத்திவிடுகிறேன். கெமிஸ்ட்ரி ரெக்கார்டு 21ஆம் தேதி என்று எழுதியிருந்தேன். 21 இல்லை, 28. கெமிஸ்ட்ரி மேம் சொன்னதை நான்தான் தவறாகக் குறித்துக்கொண்டேன். இதை நம்பி வெள்ளிக்கிழமை ராத்திரியே எழுதி முடித்துவிட்டதாக இரண்டு பேர் திட்டினார்கள். மன்னியுங்கள். முடித்தவர்களுக்கு அடுத்த வாரம் ஒரு வேலை குறைவு.

இந்த வாரம் எல்லாம் புதன், வியாழனில் வந்து குவிந்திருக்கிறது. புதன் காலை பிசிக்ஸ் ரெக்கார்டு, அன்று மதியம் தமிழ் அசைன்மென்ட், மறுநாள் காலை தெர்மோ இன்டர்னல். அதனால் ரெக்கார்டை நாளை ராத்திரிக்குள் முடித்துவிடுங்கள். செவ்வாய் ராத்திரிக்குத் தள்ளினால் தமிழ் அசைன்மென்ட் புதன் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போகும், தெர்மோவுக்குப் படிக்க புதன் ராத்திரி மட்டும்தான் மிஞ்சும். போன செமஸ்டரில் நான் இப்படித்தான் மாட்டினேன். ஒரே ராத்திரியில் நாலு எக்ஸ்பெரிமென்ட் எழுதிவிட்டு, மறுநாள் டெஸ்டில் கார்னோ சைக்கிள் வரைந்தபோது அம்புக்குறி எல்லாம் எதிர்த்திசையில் போயிருந்தது.

திங்கள் 18: சி லேப், மதியம் 2 மணி

ப்ரோகிராம் 3, 4 இரண்டுக்கும் அவுட்புட் பிரின்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டியிருக்க வேண்டும். கையால் எழுதிய அவுட்புட்டை சார் இந்த முறை வாங்க மாட்டார். கேட் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் மதியம் ஒரு மணிக்குக் கூட்டம் தாங்காது, காலையில் வரும்போதே எடுத்துவிடுங்கள்.

ப்ரோகிராம் 4 ஃபேக்டோரியல். போன வாரம் பாதிப் பேருக்கு 12 வரை சரியாக வந்து, 13 கொடுத்ததும் `1932053504` என்று வந்தது. 13 ஃபேக்டோரியல் 6227020800. `int` தாங்குவது 2147483647 வரைதான், அதற்கு மேல் போனால் சுற்றிக்கொண்டு வேறு ஏதோ எண்ணைக் காட்டும். இப்படி மாற்றினால் 20 வரை ஓடும்:

```c
long long f = 1;
for (i = 1; i <= n; i++)
    f = f * i;
printf("%lld", f);
```

`%lld` முக்கியம். `long long` என்று மாற்றிவிட்டு `%d` என்றே விட்டவர்கள் மூன்று பேர், அதில் நானும் ஒருத்தி. தப்பாக வந்த அவுட்புட்டையும் ஒட்டி, பக்கத்தில் ஏன் அப்படி வந்தது என்று ஒரு வரி எழுதினால் வைவாவில் சார் அதைத்தான் கேட்பார் என்று சீனியர் அக்கா சொன்னார்.

செவ்வாய் 19: கெமிஸ்ட்ரி லேப்

இரண்டு பேட்ச்சும் உண்டு. ஃபெரஸ் சல்ஃபேட் எஸ்டிமேஷன், பெர்மாங்கனேட்டோடு. கோட் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், போன வாரம் வெளியே நின்ற நாலு பேருக்குத் தெரியும்.

அப்சர்வேஷனில் முதல் பக்கச் செய்முறையை வீட்டிலேயே எழுதி வர வேண்டும். லேபில் உட்கார்ந்து எழுதினால் டைட்ரேஷனுக்கு நேரம் போதாது. மூன்று விஷயம் மட்டும் மனதில் வையுங்கள்: பெர்மாங்கனேட் கரும் ஊதாவாக இருப்பதால் கீழ் வளைவு தெரியாது, ப்யூரெட்டில் மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். ஆசிட் என்றால் நீர்த்த சல்ஃப்யூரிக் மட்டும், பக்கத்து பாட்டிலில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக்கை ஊற்றிவிடாதீர்கள், பெர்மாங்கனேட் அதனோடும் வினைபுரிந்து ரீடிங் கூடிவிடும். தனியாக இன்டிகேட்டர் எதுவும் வேண்டாம், வெளிர் பிங்க் வந்து கலையாமல் நின்றால் அதுதான் எண்ட் பாயின்ட். பாட்டில் நிறம் வரும்வரை ஊற்றுவது எண்ட் பாயின்ட் இல்லை, அது ஏற்கெனவே தாண்டிப் போனது.

கிளம்பும் முன் அப்சர்வேஷனில் சைன் வாங்கிவிடுங்கள். 28ஆம் தேதி ரெக்கார்டு வைக்கும்போது சைன் இல்லாத அப்சர்வேஷனை மேம் எடுத்துக்கொள்ள மாட்டார்.

புதன் 20: பிசிக்ஸ் ரெக்கார்டு, காலை 9.30

நாலு எக்ஸ்பெரிமென்ட்: யூனிஃபார்ம் பெண்டிங், டார்ஷனல் பெண்டுலம், ஸ்பெக்ட்ரோமீட்டர், நியூட்டன்ஸ் ரிங்ஸ். இடப்பக்கம் படமும் டேபிளும் பென்சிலில், வலப்பக்கம் எழுத்து பேனாவில். இன்டெக்ஸில் தேதி போடுங்கள், அது எக்ஸ்பெரிமென்ட் செய்த தேதி, எழுதிய தேதி இல்லை. நாலுக்கும் ஒரே தேதி போட்டிருந்தால் சார் பார்த்ததுமே புரிந்துகொள்வார்.

முதல் இரண்டில் பெரிய தொல்லை இல்லை. ஸ்பெக்ட்ரோமீட்டரில் வெர்னியர் 360 தாண்டிப் போனவர்கள் சின்ன ரீடிங்கோடு 360 கூட்டிவிட்டுக் கழியுங்கள். இல்லாவிட்டால் ப்ரிஸத்தின் கோணம் 120 டிகிரி என்று வரும், அப்படி ஒரு ப்ரிஸம் நம் லேபில் கிடையாது.

நியூட்டன்ஸ் ரிங்ஸ்தான் பிரச்சினை. வெள்ளிக்கிழமை என்னிடம் அப்சர்வேஷன் காட்டிய ஏழு பேரில் ஐந்து பேருக்கு R தப்பாக வந்திருந்தது, எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருந்தார்கள். ஃபார்முலா இது:

R = (D²ₙ₊ₘ − D²ₙ) / 4mλ

விட்டங்களை முதலில் தனித்தனியாக வர்க்கம் எடுத்து, அப்புறம்தான் கழிக்க வேண்டும். அவர்கள் கழித்துவிட்டு வர்க்கம் எடுத்திருந்தார்கள். என் பேட்ச் ரீடிங்கை வைத்தே காட்டுகிறேன். 10ஆவது வளையத்தின் விட்டம் 0.486 செ.மீ., 20ஆவது 0.687 செ.மீ. வர்க்கம் 0.2362, 0.4720. வித்தியாசம் 0.2358. m = 10, λ = 5.893 × 10⁻⁵ செ.மீ. கீழே 4 × 10 × λ = 0.002357. வகுத்தால் R சுமார் 100 செ.மீ. அதையே கழித்துவிட்டு வர்க்கம் எடுத்தால் 0.201இன் வர்க்கம் 0.0404, R வெறும் 17 செ.மீ. லென்ஸைக் கையில் வைத்துப் பார்த்தீர்களே, கிட்டத்தட்ட தட்டையாக இருந்தது. 17 செ.மீ. என்றால் வளைவு கண்ணுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஏன் ஒரு வளையத்தை மட்டும் எடுத்துக் கணக்கிடக் கூடாது என்று வைவாவில் கேட்பார். நடுவில் லென்ஸும் கண்ணாடியும் சரியாகத் தொடுகிறதா என்று சொல்ல முடியாது. தூசு இருந்தாலே நடுப் புள்ளி கலைந்துவிடும், எது முதல் வளையம் என்றே எண்ண முடியாது. இரண்டு வர்க்கங்களைக் கழித்தால் அந்தக் குழப்பம் அடிபட்டுப் போகும். இதைச் சொன்னால் போதும்.

கிராஃப் கட்டாயம். x அச்சில் வளைய எண், y அச்சில் D². நேர்கோடு வர வேண்டும், அதன் சாய்வு 4Rλ. D²க்குப் பதில் Dயைப் போட்டால் வளைந்த கோடு வரும். அதை ஸ்கேல் வைத்து நேராக்கி வரைந்த ஒரு ரெக்கார்டைப் பார்த்தேன், யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

இன்னொருவர் ரீடிங்கை அப்படியே எழுதாதீர்கள். ஒரே பேட்ச் என்றால் பரவாயில்லை, ஆனால் ஏ பேட்ச் லென்ஸும் பி பேட்ச் லென்ஸும் வேறு. சாருக்கு இரண்டின் R மதிப்பும் மனப்பாடம்.

புதன் மதியம்: தமிழ் அசைன்மென்ட்

ஐந்திணை: முதல், கரு, உரிப்பொருள். ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதி, குறைந்தது நாலு தாள். அட்டவணை மட்டும் போட்டுக் கொடுத்தால் தமிழய்யா திருப்பித் தருவார், ஒவ்வொரு திணைக்கும் ஏன் அந்த உரிப்பொருள் என்று விளக்கம் வேண்டுமாம்.

முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல். இந்த இரண்டையும் நம்மில் பாதிப் பேர் மாற்றி எழுதுகிறோம். கணவன் வருவான் என்று பொறுத்து வீட்டில் இருப்பவள் முல்லைக்காரி, கடற்கரையில் நின்று வருந்துபவள் நெய்தல்காரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிறுபொழுதும் அதற்கேற்ப முல்லைக்கு மாலை, நெய்தலுக்கு எற்பாடு. எற்பாடு என்றால் சூரியன் சாயும் நேரம். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பார், குறிப்பாக ‘ற்’ பக்கத்தில் இன்னொரு ஒற்று போட்டால்.

வியாழன் 21: தெர்மோடைனமிக்ஸ் இன்டர்னல், காலை 10 முதல் 12 வரை

50 மதிப்பெண். பத்து ஒரு மார்க், நாலு ஐந்து மார்க், இரண்டு பத்து மார்க். போர்ஷன் யூனிட் 1, 2. மேக்ஸ்வெல் தொடர்புகள் இந்த டெஸ்டுக்கு கிடையாது, வெள்ளிக்கிழமை சார் வாயாலேயே சொன்னார், மூன்று பேர் சாட்சி.

பத்து மார்க்குக்கு கார்னோ சைக்கிள் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. P-V படத்தில் அம்புக்குறி கடிகாரத் திசையில் (எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்). கணக்கில் வெப்பநிலையை கெல்வினுக்கு மாற்றிவிட்டுத்தான் போட வேண்டும். 127 டிகிரிக்கும் 27 டிகிரிக்கும் இடையே ஓடும் இன்ஜினின் திறன் 1 − 300/400, அதாவது 25 சதவீதம். செல்சியஸையே போட்டால் கிட்டத்தட்ட 79 வரும். அந்த இன்ஜினைக் கண்டுபிடித்தால் நாம் டெஸ்ட் எழுத வேண்டியதே இல்லை.

என்ட்ரோபியில் ஐஸ் உருகும் கணக்கு நோட்டில் இருக்கிறது, ஒரு கிராமுக்கு 80/273. அதுவும் பார்த்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் கொண்டுவரலாம், போனைக் கால்குலேட்டராகப் பயன்படுத்த விடமாட்டார்கள்.

பஸ்ஸில் வருபவர்களுக்கு: 9.50க்கு மேல் உள்ளே விட மாட்டோம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வழக்கமான 8.40 பஸ்ஸை அன்று நம்பாதீர்கள், முந்தைய பஸ்ஸில் வந்துவிடுங்கள்.

வெள்ளி 22

கெமிஸ்ட்ரி டெஸ்ட், மூன்றாவது பீரியட், ஒரு மணி நேரம், யூனிட் 1 மட்டும். இங்கிலீஷ் அசைன்மென்ட் வெள்ளியிலிருந்து திங்கள் 25க்குத் தள்ளிப்போனது, மேமிடம் நேரில் கேட்டு உறுதி செய்துவிட்டேன். சனிக்கிழமை வகுப்பு இல்லை.

அடுத்த வாரம் புதன் 27 விநாயகர் சதுர்த்தி, விடுமுறை. அதனால் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு வெள்ளிக்குப் போகும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அப்படி எதுவும் இல்லை, வியாழன் 28தான். லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ரெக்கார்டையும் பையில் எடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. புதன் காலை ரெக்கார்டுகளை எல்லாம் 9.15க்கு வகுப்பிலேயே வாங்கி, ரோல் நம்பர் வரிசையில் அடுக்கி, நான் லேபுக்குக் கொண்டுபோவேன். மொத்தம் 41 நோட்டு, மாடிப்படி இரண்டு தளம். ஹாஸ்டலில் இருந்து இரண்டு பேர் கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள், போன தடவை ஒருத்தியாகத் தூக்கிப் போனபோது பாதிப்படியில் ஏழு நோட்டு கீழே சரிந்தது.