ஞாயிறு கறி விருந்து, திங்கள் பட்டினி: கணக்கு நேராகுமா?

கேள்வி

வணக்கம் மேடம். நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வயது 46. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை, தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறேன். போன மாதம் என் நாத்தனார் மகனுக்குச் சனிக்கிழமை கோயிலில் கல்யாணம். ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில் கறி விருந்து. காலையிலேயே இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். அங்கே வாழையிலையில் இரண்டு தடவை சோறு, ஆட்டுக்கறி வறுவல், பொரித்த கோழி, இறால் சம்பல், அப்பளம், பாயசம் இரண்டு கப், வரும்போது லட்டு. இரவும் மிச்சக் கறியோடு கொஞ்சம் சோறு.

திங்கள் காலை தராசில் ஏறினால் 69.8 கிலோ. கல்யாணத்துக்கு முன்பு 68.2. பயந்துபோய் அன்று முழுவதும் தே ஓ கோசோங் மூன்று, பிஸ்கட் நான்கு, ஒரு ஆப்பிள், இரவு ஒரு கிண்ணம் ரசம், அவ்வளவுதான். செவ்வாய் காலை 68.5! விருந்து முழுவதும் கழிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தது. "லங்கணம் பரம ஔஷதம்" என்று அம்மா சொல்வது சரிதான் என்று நினைத்தேன். ஆனால் செவ்வாய் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது பசி தாங்க முடியாமல் நாசி லெமாக் ஒரு பொட்டலமும் கறி பஃப் மூன்றும் வாங்கி பஸ்ஸிலேயே தின்றுவிட்டேன்.

இப்போது மாதம் இரண்டு விருந்தாவது வருகிறது. ஒவ்வொரு விருந்துக்கும் மறுநாள் இப்படி இருந்தால் போதுமா? என் மகளும் (வயது 17) என்னைப் பார்த்து இதையே செய்கிறாள். வீட்டுக்காரருக்கு 52 வயது, லாரி ஓட்டுகிறார், இனிப்பு நீர் உள்ளவர். அன்று "நீ சாப்பிடாமல் இருக்கும்போது எனக்கு மட்டும் எதற்கு" என்று அவரும் காலையில் சாப்பிடவில்லை. பதினொரு மணிக்குக் கை நடுங்கி வேர்த்துக் கொட்டியதாம். மெஷினில் பார்த்தால் 3.4. இனிப்பாக ஒரு தே தாரிக் குடித்ததும் சரியாகிவிட்டது. அவர் கிளிக்லசைடும் மெட்ஃபார்மினும் எடுக்கிறார்.

பதில்

வணக்கம் சகோதரி. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, வீட்டுக்காரரைப் பற்றி, அதிலிருந்தே தொடங்குகிறேன். தராசு இரண்டு நாள் காத்திருக்கும், இது காத்திருக்காது.

கிளிக்லசைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது, சொன்ன வேலையைச் செய்துவிடும். மாத்திரை உள்ளே போய், சாப்பாடு போகாவிட்டால் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே வந்தாலே தாழ்சர்க்கரை. அவருக்கு 3.4. நடுக்கமும் வேர்வையும் உடம்பு அடிக்கும் மணி. அந்த மணி அடிக்கும்போது அவர் கையில் ஸ்டீயரிங் இருந்திருந்தால்? இன்னும் இறங்கினால் குழப்பம், மயக்கம், வலிப்பு வரை போகும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இப்படி ஆவது அரிது. கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலின் ஊசியோ இருந்தால் சாப்பாட்டு வேளையைத் தாண்டவே கூடாது.

அடுத்த முறை நடுங்கினால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். அது சுமார் 15 கிராம். தே தாரிக்கும் சீனி சேர்ந்ததுதான், ஆனால் எவ்வளவு என்று தெரியாது, கடை தேடி, கலக்கிக் கொடுக்கும் வரை காத்திருக்கவும் வேண்டும். 15 நிமிடம் கழித்து மெஷினில் பார்த்து, 4.0க்குக் கீழேயே இருந்தால் மறுபடி அதே அளவு. ஏறியதும் ரொட்டியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999க்கு அழையுங்கள். லாரியில் ஒரு சிறு டப்பாவில் சீனிப் பொட்டலங்கள் எப்போதும் இருக்கட்டும். மாத்திரையை அவராகவே நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். இந்த வாரமே கிளினிக்குக்குப் போய், அந்த 3.4ஐயும் அது வந்த தேதி, நேரத்தையும் சொல்லட்டும். டாபாகிலிஃப்லோசின், எம்பாகிலிஃப்லோசின் என்ற நீரிழிவு மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்த மாத்திரைகளோடு பட்டினி கிடந்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் அபாயம் உண்டு. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

இனி உங்கள் தராசுக்கு வருவோம்.

ஞாயிறு நீங்கள் சாப்பிட்டதைக் கூட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு எண்ணெய் மாறும், அதனால் இது ஏறத்தாழத்தான். ரொட்டி சானாய் இரண்டும் பருப்புக் குழம்பும் 700, விருந்து 2,000ஐ ஒட்டி, இரவுச் சோறு ஒரு 400. மொத்தம் 3,100 கலோரி. உங்கள் வயதுக்கும் எடைக்கும் வேலைக்கும் ஒரு நாளைக்கு 1,800 போதும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,300. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. அப்படியென்றால் அந்த விருந்து முழுக்கக் கொழுப்பாகவே மாறியிருந்தாலும் 170 கிராம். ஒரு சிறிய வாழைப்பழத்தைக் கையில் வைத்துப் பாருங்கள், அதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். தராசு காட்டியதோ 1.6 கிலோ. மீதி எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி தண்ணீர். ஆட்டுக்கறி வறுவல், இறால் சம்பல், அப்பளம் மூன்றும் உப்புச் சாமான். சுமார் 9 கிராம் உப்பு கூடுதலாக உடம்பில் தங்கினால், அதன் செறிவைச் சமன் செய்ய ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்கிறது, விருந்து இலை அதை மதியத்திலேயே தாண்டிவிடும். அடுத்தது சோறும் பாயசமும். அவற்றின் சர்க்கரையை ஈரலும் தசையும் கிளைகோஜனாகச் சேமிக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்தே தங்கும். போதாததற்கு, தின்ற சாப்பாடே குடலில் இருக்கிறது. அதற்கும் எடை உண்டு.

திங்கட்கிழமை நீங்கள் சோறு தொடவில்லை, உப்பும் குறைவு. சிறுநீரகம் உப்பை வெளியேற்றியது, கிளைகோஜன் செலவானது, தண்ணீர் இறங்கியது. தராசு 1.3 கிலோ குறைந்தது அதனால்தான். சாதாரணமாக மூன்று வேளை அளவாகச் சாப்பிட்டிருந்தாலும் புதன், வியாழனுக்குள் அந்தத் தண்ணீர் போயிருக்கும். பட்டினிக்குக் கிடைத்த பாராட்டில் பாதிக்கு மேல் சிறுநீரகத்துக்குச் சேர வேண்டியது.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வெறும் கலோரி கணக்கை மட்டும் பார்த்தால், உங்கள் திங்கட்கிழமை அந்த 1,300ஐ ஏறக்குறைய ஈடு செய்துவிட்டது. நீங்கள் தின்றது 300, 400க்கு மேல் இருக்காது. ஒரு நாள் குறைத்துச் சாப்பிட்டால் உடம்பு எரிப்பதையே நிறுத்திவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அதுவும் சரியில்லை, ஒரு நாளில் அப்படி நடக்காது. ஆனால் அந்தக் கணக்கு திங்கள் இரவோடு முடியவில்லையே. செவ்வாய் சாயங்காலத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு பொட்டலம் நாசி லெமாக், மூன்று கறி பஃப், ஏறத்தாழ 900 கலோரி வரும். அது உங்கள் மன உறுதி போதாமல் நடந்தது இல்லை. ஒரு நாள் முழுக்க வெறும் வயிற்றோடு, அதன்பின் ஒரு ஷிப்ட் நின்று வேலை செய்தவருக்குக் கண்ணில் படும் முதல் எண்ணெய்ப் பொட்டலம் தெய்வமாகத்தான் தெரியும். திங்கட்கிழமை சேமித்ததில் பெரும்பங்கு அந்த பஸ்ஸிலேயே செலவாகிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. விருந்து முடிந்த சில மணி நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை ஏறியது, கொழுப்பு ஏறியது, உப்பால் அழுத்தம் கூடியிருக்கும். அது ஞாயிறு மாலையிலேயே நடந்து முடிந்த காரியம். திங்கட்கிழமைப் பட்டினி பின்னால் போய் அதை அழிக்க முடியாது. ஒரு தடவை என்றால் உடம்பு தாங்கும். மாதம் இரண்டு மூன்று முறை, வருடக்கணக்கில் என்றால் நம் ஆட்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடையே விகிதம் மற்ற பெரிய இனங்களைவிட அதிகம். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். நீங்களும் வருடம் ஒருமுறை வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. வயிறு மந்தமாக இருக்கும்போது ரசம் சோறு, மோர், பசித்தால் மட்டும் சாப்பாடு என்று இருப்பது நல்ல பழக்கம். சஷ்டி விரதம், தைப்பூச விரதம் எல்லாம் வேறு நோக்கத்துக்கு. ஆனால் அம்மா சொன்ன லங்கணம் வயிற்றுக்கு ஓய்வு. நீங்கள் செய்தது தண்டனை. திங்கள் காலை தராசில் ஏறியதும் உங்களுக்கு வந்தது பயம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்த விருந்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். காலையில் இரண்டு ரொட்டி சானாய்க்குப் பதில் ஒரு முட்டையும் இரண்டு துண்டு ரொட்டியும். காலையில் எதுவுமே தின்னாமல் போனால் இலையில் கை நிற்காது. விருந்தில் ஆட்டுக்கறி வேண்டுமா, வயிறாரச் சாப்பிடுங்கள். அப்போது பொரித்த கோழியை விட்டுவிடலாம். பாயசம் ஒரு கப். இரவு பசிக்காவிட்டால் சோறு வேண்டியதில்லை, ஒரு டம்ளர் பால் போதும். சாப்பிட்டதும் சாயாமல் அரை மணி நேரம் நடங்கள். அந்த நடை 130 கலோரிதான் செலவழிக்கும், விருந்தைக் கழிக்காது, ஆனால் சர்க்கரை ஏறுவதைத் தணிக்கும். மறுநாள் காலை வழக்கம்போல இரண்டு தோசை, சாம்பார். மதியம் கிளினிக்கில் சொல்லிக்கொடுக்கும் சுக்கு சுக்கு செபாரோ கணக்கு: தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் மீனோ கோழியோ, பாதி காய்கறியும் பழமும். தராசை வியாழன் வரை அலமாரிக்கு மேலே வைத்துவிடுங்கள்.

உங்கள் மகளைப் பற்றித்தான் எனக்கு அதிக கவலை. 17 வயதில் எலும்பு இன்னும் உறுதியாகிக்கொண்டிருக்கிறது, மாதவிடாயில் இரும்புச்சத்து போகிறது, பள்ளியில் பரீட்சையும் இருக்கிறது. அதைவிட, சாப்பிட்டால் கடன், மறுநாள் பட்டினி கிடந்து அடைக்க வேண்டும் என்று அவள் உங்களிடம் கற்றுக்கொண்டுவிட்டாள். பட்டினி, அடக்க முடியாமல் தின்பது, மறுபடி பட்டினி என்று அந்தச் சுற்று சுற்ற ஆரம்பித்தால் வெளியே வருவது கஷ்டம். அவளைத் திட்ட வேண்டாம், எடையைப் பற்றிப் பேசவும் வேண்டாம். விருந்துக்கு மறுநாள் காலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் முதலில் தோசையைப் பிட்டு வாயில் போடுங்கள். அவள் சாப்பிட்டதும் கழிவறைக்குப் போய் நேரம் கழித்து வந்தால், சாப்பாட்டை ஒளித்து வைத்தால், மாதவிடாய் தவறினால், அடிக்கடி தலைசுற்றினால், வீட்டுக்காரரோடு கிளினிக்குக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.