பொருள்: லேப் பொறுப்பாளர் வேலை – தங்கள் ஆஃபர் லெட்டருக்கு என் பதில்

மதிப்பிற்குரிய பொது மேலாளர் ஐயா அவர்களுக்கு,
(நகல்: மனிதவள மேலாளர்)

வணக்கம்.

நவம்பர் 8-ஆம் தேதியிட்ட ஆஃபர் லெட்டர் கிடைத்தது. 15-ஆம் தேதிக்குள் பதில் கேட்டிருந்தீர்கள். கடைசி நாள் வரை தங்களைக் காக்கவைக்கக் கூடாது என்பதால் இன்றே எழுதுகிறேன். நன்றாக யோசித்துப் பார்த்ததில், பெருந்துறை யூனிட்டின் லேப் பொறுப்பாளர் வேலையை இப்போது என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. இந்த முடிவைச் சொல்வதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

காரணம் சம்பளம் இல்லை. மாதம் 62,000 ரூபாயும் குடியிருப்பும் நான் எதிர்பார்த்ததற்கு மேல். தங்கள் கடிதத்தைக் காட்டி இங்கே சம்பளம் கூட்டிக் கேட்கவும் இல்லை, கேட்கவும் மாட்டேன்.

இப்போது நான் இருக்கும் ஆலையில் கம்ப்யூட்டர் கலர் மேட்சிங் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்கான ரெசிபி அடித்தளத்தை நான்தான் போட்டுவருகிறேன். ஒவ்வொரு சாயத்தையும் 0.1 சதவீதம் தொடங்கி 4 சதவீதம் வரை எட்டு அடர்த்திகளில் ஏற்றி அளந்து பதிய வேண்டும். பாதிச் சாயங்கள்கூட இன்னும் முடியவில்லை. நடுவில் ஆள் மாறி, தண்ணீரோ துணியோ கொஞ்சம் வேறுபட்டாலும் முதலில் எடுத்த அளவுகளோடு பின்னவை ஒட்டாது, மொத்தமும் திரும்பச் செய்ய வேண்டிவரும். மார்ச் மாதத்துக்குள் முடித்து, என்னோடு இருக்கும் இரண்டு பையன்களிடம் ஒப்படைப்பதாக முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையை மீறி வருபவரைத் தாங்களும் விரும்பமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வீட்டிலும் ஒரு காரணம் உண்டு. மகள் பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு முடியும்வரை பள்ளியை மாற்ற முடியாது. மாதத்தில் ஒரு வாரம் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டு திருப்பூரிலிருந்து தினமும் போய்வருவதும் இந்த வருடம் சரிப்படாது.

தங்கள் யூனிட்டில் வேலை செய்யும் விருப்பம் எனக்கு அப்படியே இருக்கிறது. லேப்பில் சொன்னதை டையிங் மாஸ்டர் உட்கார்ந்து கேட்பதை, யூனிட்டைச் சுற்றிக்காட்டிய அன்று நேரில் பார்த்தேன். எல்லா இடத்திலும் அது நடப்பதில்லை. மே மாதம் முதல் இந்த வேலையோ, ஷேடு மேட்சிங், தரக்கட்டுப்பாடு சார்ந்த வேறு வேலையோ காலியானால் தயவுசெய்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இங்கே இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருப்பதால், மே மாதம் முடிவானால் ஆகஸ்ட் தொடக்கத்தில் சேரலாம். அதுவரை இந்த இடத்தை எனக்காக வைத்திருக்கும்படி கேட்கவில்லை. சீசன் நேரத்தில் லேப் ஆள் இல்லாமல் ஓடாது. தகுந்தவர் கிடைத்தால் உடனே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ரியாக்டிவ் டையிங்கில் ஒன்பது வருட அனுபவம் உள்ளவர், ஈரோட்டுக்காரர். தாங்கள் சரி என்றால், அவரிடம் கேட்டுவிட்டு விவரம் அனுப்புகிறேன்.

அன்று காட்டிய பச்சை ஷேடு பற்றி ஒன்று. லேப்பில் பாஸான ரெசிபி பல்க்கில் நீலப்பக்கம் போவதாகச் சொன்னீர்கள். லேப்பில் எம்.எல்.ஆர். 1:10, சாஃப்ட் ஃப்ளோவில் 1:6. தண்ணீர் குறையும்போது டர்க்காய்ஸ் மற்றச் சாயங்களைவிடக் கூடுதலாக ஏறிவிடும். சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது. லேப் டிப்பை 1:6-இல், முடியாவிட்டால் 1:8-இல் போட்டுப் பாருங்கள். சோடா போட்ட பிறகு இரண்டு இடத்திலும் 80 டிகிரி உண்மையில் நிற்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. 60-லேயே நின்றால் டர்க்காய்ஸ் சரியாகப் பிடிக்காமல் சோப்பிங்கில் கழன்றுவிடும். கூடச் சேரும் மஞ்சளும் 80 டிகிரிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இவை எல்லோரும் அறிந்த விஷயங்கள்தான். தங்கள் ரெசிபியையோ பையர் பெயரையோ நான் வெளியில் சொல்லமாட்டேன்.

கையெழுத்திடாத ஆஃபர் லெட்டரை இத்துடன் திருப்பி இணைத்துள்ளேன். நான் கொடுத்த சான்றிதழ் நகல்களைத் தங்கள் கோப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். பின்னால் தேவைப்பட்டால் உதவும்.

இரண்டு முறை நேரம் ஒதுக்கிப் பேசியதற்கும், யூனிட் முழுவதையும் சுற்றிக்காட்டியதற்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
மு. கதிர்வேல்
திருப்பூர்
நவம்பர் 12

பி.கு.: பார்க்கக் கொடுத்தனுப்பிய பச்சைச் சாம்பிள் துணியை, வெளிச்சம் படாமல் கருப்புக் கவரில் போட்டு இன்று கூரியரில் அனுப்பியிருக்கிறேன்.