"உப்பேறிய கடிதங்கள்" பின்னட்டைக்குப் புதிய வாசகம்

அன்புள்ள சார்,

வணக்கம். நாவலின் பின்னட்டை வாசகத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். நீங்கள் அனுப்பியிருந்தது இது:

"தனுஷ்கோடியில் தபால் எழுத்தராக இருக்கும் சவரிமுத்து, தங்கை ரெஜினாவுக்குத் தலைமன்னாரிலிருந்து வரும் காதல் கடிதங்களை மறைத்துவிடுகிறான். 1964 புயலில் ரயிலோடு அவள் இறந்துவிட்டதாக நினைத்து வருந்துகிறான். உண்மையில் அவள் அந்த ரயிலில் ஏறவே இல்லை. பத்து வருடங்களுக்குப் பிறகு இருவரும் மண்டபத்தில் சந்திக்கிறார்கள்."

கதை தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையில் புத்தகத்தைத் திருப்பிப் பார்ப்பவருக்கு நாவல் அங்கேயே முடிந்துவிடுகிறது. புதியது:

"தங்கைக்கு வந்த ஏழு கடிதங்களில் ஒன்றைக்கூட சவரிமுத்து அவளிடம் கொடுக்கவில்லை.

1964. மெட்ராஸிலிருந்து வரும் போட் மெயிலை விட்டு இறங்கி, தலைமன்னார்க் கப்பலுக்கு ஜனங்கள் ஓடும் தனுஷ்கோடி. இக்கரைக்கும் அக்கரைக்கும் போகிற கடிதமெல்லாம் தபால் எழுத்தர் சவரிமுத்துவின் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். எது போய்ச் சேரலாம், எது கூடாது என்று அவன் முடிவெடுக்கத் தொடங்கியது ஊரில் யாருக்கும் தெரியாது.

டிசம்பர் 22. காலையிலிருந்தே காற்று சரியில்லை. பாம்பனிலிருந்து இரவு ரயிலில் ரெஜினா வருகிறாள். இன்று எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று, ஏழு கடிதங்களையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் நிற்கிறான் அண்ணன்.

ரயில் வரவில்லை. விடிந்தபோது ஊரும் இல்லை.

பத்து வருடங்கள் கழித்து, மண்டபத்தில் அவன் பெயருக்கு ஓர் உறை வருகிறது. அனுப்பியவர் பெயர் அதில் இல்லை."

கடிதங்களை மறைத்தது முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுவதால் அதைத் தயங்காமல் முன்னால் வைத்தேன். வாசகரை உள்ளே இழுப்பது அந்தக் குற்றம்தான். ரெஜினா உயிரோடு இருப்பதைச் சொல்லவில்லை; இறந்தாள் என்றும் எழுதவில்லை. அப்படி எழுதினால், படித்து முடித்தவர் அட்டை தன்னிடம் பொய் சொன்னது என்று நினைப்பார், அது நியாயமும்கூட. 'ரயில் வரவில்லை' என்பதோ நடந்தது. அன்றிரவு பாம்பனிலிருந்து கிளம்பிய அந்த ரயில் தனுஷ்கோடி போய்ச் சேரவே இல்லை.

அப்புறம், 'மனதை உருக்கும்', 'நெஞ்சை விட்டு அகலாத' மாதிரிச் சொற்கள் எதையும் சேர்க்கவில்லை. உங்கள் புயல் அத்தியாயத்துக்கு அந்தச் சிபாரிசு தேவையில்லை.

ஒரு சந்தேகம்: முதல் அத்தியாயத்தில் ஏழு கடிதங்கள், ஒன்பதாவதில் ஆறு என்று இருக்கிறது. எது சரி என்று சொல்லுங்கள், இரண்டு இடத்திலும் திருத்திவிடுகிறேன். அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
பதிப்பாசிரியர்