பழைய வண்ணாரப்பேட்டையில் கிளினிக் இடம் வாடகைக்கு: தரைத்தளம், படி ஏறாமல் உள்ளே வரலாம்

டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் தெருவில், தரைத்தளம், 430 சதுர அடி. வாடகை மாதம் 19,000 ரூபாய். அட்வான்ஸ் ஆறு மாத வாடகை. கரண்ட் தனி மீட்டர், வணிக இணைப்பு. டாக்டர்கள், பல் டாக்டர்கள், பிசியோதெரபி செய்பவர்களுக்கு மட்டும். கூரியர் ஆபீஸ், மொபைல் கடைக்குக் கேட்டு வர வேண்டாம். வீட்டு உரிமையாளரே போடும் விளம்பரம், புரோக்கர் கமிஷன் கிடையாது.

முன்பக்கம் வெயிட்டிங் ஹால், பன்னிரண்டு நாற்காலி தாராளமாகப் போடலாம். அதற்கு அடுத்து டாக்டர் அறை, 11க்கு 10 அடி. உள்ளேயே வாஷ்பேசின், ஏசிக்கு பாயின்ட், பரிசோதனைக் கட்டிலுக்கு ஜன்னல் ஓரம் இடம். அதை ஒட்டி ஊசி போட, கட்டுப் போட ஒரு சின்ன அறை. பின்னால் வெஸ்டர்ன் டாய்லெட், கைப்பிடியோடு. இரண்டு அறைக்கும் நடுவே செங்கல் சுவர்தான், பிளைவுட் தடுப்பு இல்லை. உள்ளே டாக்டரிடம் சொல்வது வெளியே உட்கார்ந்திருப்பவர் காதில் விழாது. இதற்கு முன் இருந்தவர் குழந்தைகள் டாக்டர், சொந்த இடம் வாங்கிப் போய்விட்டார். அலமாரியும் டோக்கன் கவுண்டரும் அப்படியே இருக்கின்றன. வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம்.

நோயாளி உள்ளே வரும் வழியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். இந்தப் பக்கம் ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போகிறது, பழைய வீடுகளின் வாசல் பள்ளமாகிவிட்டது. 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தளத்துக்குள்ளும் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு தளத்தை உடைத்து உயர்த்திவிட்டோம். இப்போது ரோட்டைவிட ஐந்து அங்குலம் மேலே இருக்கிறது. வாசலில் ஐந்தடி நீளத்துக்குச் சரிவு கட்டி, சொரசொரப்பான டைல்ஸ் பதித்திருக்கிறோம். வாக்கர் வைத்திருக்கும் பாட்டி யார் துணையும் இல்லாமல் ஏறி வருவார். சரிவு முழுக்க எங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறது, மாநகராட்சி வந்து இடிக்கும் என்ற பயம் இல்லை. உயர்த்திய பிறகு வந்த மழைகளில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றிருக்கிறது, உள்ளே வரவில்லை. ஆனாலும் ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றையும் நாலடி உயரத்தில்தான் வைத்திருக்கிறேன்.

மெயின் கதவு நாலடி, டாக்டர் அறைக் கதவு மூன்றடி, வீல்சேர் போகும். டாய்லெட் கதவு இரண்டரை அடிதான், அங்கே வீல்சேர் நுழையாது. பில்லர் இருப்பதால் அதை அகலப்படுத்த முடியவில்லை.

சர் தியாகராயா கல்லூரி மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து மெதுவாக நடந்தால் பத்து நிமிடத்துக்குள். ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது. தொல்லை வெளியே வந்த பிறகுதான்: டி.எச். ரோட்டைக் கடக்க வேண்டும், சிக்னலில் கடந்தால் நல்லது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போகும் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் தெருமுனையில் நிற்கும். தெரு இருபது அடி அகலம், ஆட்டோ வாசல் வரை வரும், 108 வண்டியும் வரும். அவசரமென்றால் ஸ்டான்லி ஆட்டோவில் போகும் தூரம்தான்.

இனி பார்க்கிங். காம்பவுண்டுக்குள் டாக்டரின் ஒரு காருக்கு இடம் உண்டு, வேறு யாரும் அங்கே வண்டி வைக்க மாட்டார்கள். வாசலில் ஏழெட்டு டூ வீலர் நிற்கலாம். மாடியில் குடியிருப்பவர்களின் வண்டிகள் பின்பக்கம் போய்விடும். நோயாளிகளின் காருக்கு இடம் இல்லை. டி.எச். ரோட்டிலும் நிறுத்த முடியாது. அடுத்த தெருவில் இருக்கும் கல்யாண மண்டபத்தில் காசு வாங்கிக்கொண்டு நிறுத்த விடுகிறார்கள், முகூர்த்த நாளில் அதுவும் கிடையாது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எம்.சி. ரோடு பக்கத்திலிருந்து கார் நகரவே நகராது. காரில் வரும் நோயாளிகளை நம்பி நடத்தும் கிளினிக் என்றால் இந்த இடம் ஒத்துவராது, வேறு இடம் பார்ப்பதே நல்லது. நடந்தும் ஆட்டோவிலும் பைக்கிலும் வருபவர்களுக்கான இடம் இது.

ஆள் நடமாட்டம் பற்றி எல்லா விளம்பரத்திலும் ‘கூட்டம் நிறைந்த பகுதி’ என்று போடுவார்கள். எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வரும் கூட்டம் சாயங்காலம் எங்கள் தெருமுனையில் அலைமோதுவது உண்மை. ஆனால் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்கப் போகிறவர்கள், டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் இல்லை. போர்டு கண்ணில் படும், அவ்வளவுதான். நிஜமான நோயாளிகள் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து தெருக்காரர்கள்: துணிக்கடை, பாத்திரக்கடையில் வேலை செய்பவர்கள், ஹார்பருக்குப் போய் வருபவர்கள், ஒரே வாசலில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள். லீவு போட்டு டாக்டரைப் பார்க்கும் பழக்கம் இவர்களுக்குக் கிடையாது. மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரைதான் நேரம். ஞாயிறு காலையும் நன்றாக ஓடும். மதியம் ஈ ஓட்ட வேண்டியதுதான். மழைக்காலம் முடிந்து காய்ச்சல் பரவும்போது முன்பிருந்த டாக்டரின் வெயிட்டிங் ஹால் நிரம்பி, சரிவு வரை ஆள் நிற்கும்.

இதே தெருவில் பொது மருத்துவம் பார்க்கும் பெரியவர் ஒருவர் பல வருடமாக இருக்கிறார், அவர் கைராசி மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை. இன்னொரு பொது மருத்துவர் வந்தால் காலூன்ற நாள் பிடிக்கும். தோல், காது மூக்கு தொண்டை, பிசியோதெரபி இந்தத் தெருவில் யாரும் இல்லை. லேடி டாக்டருக்கும் நல்ல தேவை இருக்கிறது. பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். இருக்கவே இருக்கிறது, ஆனால் மாதவிலக்குப் பிரச்சினைக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க நம் பெண்கள் தயங்குகிறார்கள். மருந்துக்கடை நாலு வீடு தள்ளி.

மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் உண்டு. போர் தண்ணீர் உப்பு, பல் சேருக்கும் ஆட்டோகிளேவுக்கும் ஆகாது. த்ரீ ஃபேஸ் இருப்பதால் கம்ப்ரசர் ஓடும்.

சில நிபந்தனைகள். 1997 மருத்துவ நிறுவனங்கள் சட்டப் பதிவை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான சம்மதக் கடிதம், சொத்து வரி ரசீது நான் தருவேன். மருத்துவக் கழிவுக்கு முறையான ஏஜென்சியிடம் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். மஞ்சள் பையைத் தெருக் குப்பைத் தொட்டியில் பார்த்தால் அன்றே பேச்சு முடிந்தது. பை வைக்கப் பூட்டுப் போட்ட சின்ன அறை பின்னால் இருக்கிறது. இரவு நோயாளி தங்கக் கூடாது, எக்ஸ்ரே மெஷின் வேண்டாம். போர்டு எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வையுங்கள், ஓடும் எழுத்து லைட் மட்டும் வேண்டாம், அதற்கு நேர் மேலேதான் என் படுக்கையறை.

ஒப்பந்தம் மூன்று வருடம், வருடத்துக்கு 5 சதவீதம் ஏற்றம், 2017 வாடகைச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம். முழு நாள் தேவையில்லை என்றால் மாலை மட்டும் 12,500, காலை மட்டும் 8,000. இரண்டு டாக்டர்கள் பேசிவைத்துக்கொண்டு சேர்ந்து வந்தால் முழு வாடகை 19,000தான்.

செய்தி அனுப்பினால் தெருப் பெயரும் கதவு எண்ணும் சொல்கிறேன். வார நாளில் மாலை ஏழு மணி வாக்கில் வாருங்கள், அப்போதுதான் கூட்டத்தையும் வண்டி நிறுத்தும் அவஸ்தையையும் ஒன்றாகப் பார்க்க முடியும். நான் முதல் மாடியில்தான் இருக்கிறேன், சாவி என்னிடம் இருக்கிறது.